டர்புலன்ட்டுக்குத் தமிழ் தேடிய கதை: ரெனால்ட்ஸ் எண் பாடத்தை மொழிபெயர்த்த அனுபவம்

போன வருடம் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காக, குழாயில் நீர் அமைதியாக ஓடுமா கலங்கி ஓடுமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் பற்றிய ஒரு பக்கப் பாடத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு லேமினார், டர்புலன்ட் என்ற அந்த இரண்டு வகை ஓட்டத்தையும் படமாக வரையச் சொன்னேன். முன் பெஞ்ச் பையன் ஒருவன் குழாய்க்குள் அழகாக ஒரு பெரிய சுருள் வரைந்திருந்தான், வாஷ் பேசினில் தண்ணீர் சுழன்று இறங்குமே, அதே மாதிரி. பக்கத்தில் அம்புக்குறி போட்டு “சுழற்சி ஓட்டம்” என்று எழுதியிருந்தான். அவன் மேல் தப்பே இல்லை. டர்புலன்ட் என்பதற்கு நான் எழுதிய சொல்லை அவன் அப்படியே நம்பியிருக்கிறான்.

அந்த ஒரு பக்கத்தை ஐந்து முறை திருத்தினேன். இதே மாதிரி வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு உதவட்டும் என்று, இடறிய இடங்களைச் சொல்கிறேன்.

பாலிடெக்னிக் வகுப்பில் பாதிப்பேர் பத்தாவது முடித்து நேராக வந்தவர்கள். மீதிப்பேர் பிளஸ் டூ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள். இவர்களுக்கு “வரிச்சீர் ஓட்டம்”, “சுழற்சி ஓட்டம்” எல்லாம் பிளஸ் ஒன்னில் பழகிய சொற்கள், அவர்களுக்கோ புதியவை. பள்ளிப் பாடச் சொல்லையே எடுத்துக்கொண்டால் சிக்கல் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பள்ளியில் அது சரியாகவும் இருக்கும், அங்கே இரண்டே இரண்டு ஓட்டங்கள்தான். டிப்ளமோ பாடத்தில் அதே அத்தியாயத்தில் ஓட்ட வகைகள் வரிசையாக வருகின்றன: ஸ்டெடி, யூனிஃபார்ம், லேமினார், டர்புலன்ட், ரொட்டேஷனல். டர்புலன்டைச் “சுழற்சி ஓட்டம்” என்று சொல்லிவிட்டால் ரொட்டேஷனலுக்கு எந்தச் சொல் மிஞ்சும்?

சொல் தீர்ந்துபோனது மட்டும் பிரச்சினை இல்லை. குழாய்க்குள் ஓடும் லேமினார் ஓட்டமே ரொட்டேஷனல்தான். சுவரை ஒட்டிய நீர் மெதுவாகவும் நடுவில் உள்ள நீர் வேகமாகவும் போவதால், சுவருக்கு அருகில் ஒரு சின்னத் துரும்பைப் போட்டால் அது முன்னே போய்க்கொண்டே தன்னைத்தானே சுற்றும். ஆக என் சொற்களை வைத்துப் பார்த்தால், “சுழற்சி இல்லாத ஓட்டம் சுழற்சி உடையது” என்று அடுத்த பக்கத்தில் எழுத வேண்டி வரும்.

லேமினாரிலும் இதே கதை. “சீரான ஓட்டம்” என்று எழுதலாம் என்றார் உடன் வேலை செய்யும் ஆசிரியர். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யூனிஃபார்முக்கு அதைவிட்டால் வேறு சொல் கிடையாது. பிறகு ஒரு தாளில் அத்தியாயம் முழுவதிலும் வரும் ஓட்டப் பெயர்களை எழுதி, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தமிழ் வைத்தேன். யூனிஃபார்முக்குச் “சீரான ஓட்டம்”, ஸ்டெடிக்கு “மாறா ஓட்டம்”, ரொட்டேஷனலுக்குச் “சுழல் ஓட்டம்”, லேமினாருக்கு “அடுக்கு ஓட்டம்”, டர்புலன்டுக்குக் “கொந்தளிப்பு ஓட்டம்”. லேமினா என்றாலே மெல்லிய தகடுதான், அதனால் “அடுக்கு” மூலத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. கொந்தளிப்பு என்றதும் கடல் நினைவு வருகிறதே என்று தயங்கினேன். வந்தால் வரட்டும், வாஷ் பேசினைவிடப் பரவாயில்லை. ஒவ்வொரு சொல்லும் முதல் முறை வரும் வாக்கியத்திலேயே “லேமினார் எனப்படும் அடுக்கு ஓட்டம்” என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டேன். நாளைக்கு இவர்கள் கம்பெனியில் கேட்கப்போவது லேமினார்தானே.

ஒரு இடைச்செருகல். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாய இழையை ஓடவிட்டுப் பார்த்தபோது, தன் கட்டுரைத் தலைப்பில் டர்புலன்ட் என்று எழுதவில்லை. “நேரான” ஓட்டம், “நெளியும்” ஓட்டம் என்ற பொருள்படும் சொற்களைத்தான் போட்டார். கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் என் பாடத்தையும் வரையறையில் தொடங்காமல் சாய இழையில் தொடங்கினேன்.

அடுத்த முட்டுக்கட்டை, ரெனால்ட்ஸ் எண்ணின் வரையறை. என் முதல் வரி இது: “ரெனால்ட்ஸ் எண் என்பது நிலைம விசைக்கும் பாகியல் விசைக்கும் உள்ள விகிதம் ஆகும்.” இலக்கணம் சரி, அறிவியலும் சரி. ஒரு மாணவி எழுந்து, “மேடம், நிலைமம்னா மாற்றத்தை எதிர்க்கிறது. பாகுநிலையும் எதிர்க்கிறதுதான். அப்போ ரெண்டும் ஒரே பக்கம்தானே?” என்றாள். ஒன்பதாம் வகுப்பில் படித்ததை வைத்து நியாயமாகக் கேட்ட கேள்வி. விகிதம் என்றால் இரண்டு பக்கம் இழுபறி வேண்டும், என் வாக்கியத்தில் அந்த இழுபறி தெரியவில்லை. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: “ஓடும் நீரில் ஒரு சின்ன அசைவு ஏற்பட்டால், நீர் தான் போகும் வேகத்திலேயே அந்த அசைவை இழுத்துக்கொண்டு போய் வளர்க்கப் பார்க்கும், இது நிலைம விசை. பக்கத்து அடுக்குகள் உரசி அந்த அசைவை அடக்கப் பார்க்கும். இது பாகியல் விசை. முதலாவது இரண்டாவதைவிட எத்தனை மடங்கு என்பதைக் காட்டுவதே ரெனால்ட்ஸ் எண்.” ஒரு வரி மூன்று வரியாகிவிட்டது. ஆகட்டும். மூலத்தில் ஒரு வாக்கியம் என்றால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

சூத்திரத்தை Re = ρVD/μ என்று அப்படியே விட்டேன். ρ நீரின் அடர்த்தி, V திசைவேகம், D குழாயின் உள்விட்டம், μ பாகுநிலை. குறியீட்டைத் தமிழாக்கினால் அடுத்த செமஸ்டரில் அவர்களுக்கே வினை. ஆனால் μ-வின் பெயரில் ஒரு சின்னப் பொறி உண்டு. பள்ளியில் “பாகியல் எண்” என்பார்கள். ரெனால்ட்ஸ் எண்ணுக்கு அலகு இல்லை என்று சொன்னதும், இரண்டும் “எண்” தானே என்று μ-வின் அலகையும் சிலர் விட்டுவிட்டார்கள். “பாகுநிலைக் குணகம்” என்று மாற்றி, பக்கத்தில் Pa·s என்று எழுதிய பிறகு அந்தத் தவறு குறைந்தது.

நான் வெட்கப்பட வேண்டிய இடம் இனிதான் வருகிறது. V என்பதற்கு மூலத்தில் “சராசரி” என்ற அடைமொழி இருந்தது. வாக்கியம் நீள்கிறது என்று நான் அதை வெட்டிவிட்டு, “V என்பது நீரின் திசைவேகம்” என்று எழுதினேன். அது லேபில் போய் வெடித்தது.

எங்கள் கண்ணாடிக் குழாயின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு குழு வால்வை மெல்லத் திறந்தது. ஊதா நிறப் பெர்மாங்கனேட் இழை நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அளவுச் சாடியில் ஒரு லிட்டர் நிரம்ப 50 விநாடி ஆனது. ஆனால் அவர்கள் அந்தக் கணக்கைப் போடவில்லை. என் வாக்கியத்தை நம்பி, சாயத்தின் நுனி 50 சென்டிமீட்டர் போக எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் பார்த்தார்கள். 5 விநாடி. ஆக V = 0.1 மீட்டர்/விநாடி. லேபில் தண்ணீர் 30 டிகிரி, அதற்கு μ ஏறக்குறைய 0.0008 Pa·s. இரண்டு வழியிலும் என்ன வருகிறது என்று பாருங்கள்:

```
சாய நுனியை வைத்து:
V  = 0.5 / 5 = 0.1 m/s
Re = 1000 × 0.1 × 0.02 / 0.0008 = 2500

ஒரு லிட்டர், 50 விநாடி:
Q  = 0.001 / 50 = 0.00002 m³/s
A  = 0.000314 m²
V  = Q / A = 0.064 m/s
Re = 1000 × 0.064 × 0.02 / 0.0008 = 1600
```

பாடத்தில் Re 2000-க்குக் கீழே அடுக்கு ஓட்டம், 4000-க்கு மேலே கொந்தளிப்பு, நடுவில் இடைநிலை. கண்ணெதிரே இழை நேராக ஓடுகிறது, ரெக்கார்டு நோட்டில் 2500 என்பதால் “இடைநிலை ஓட்டம்” என்று எழுதியிருக்கிறது. காரணம், சாயம் குழாயின் நடுவில் ஓடுகிறது. அடுக்கு ஓட்டம் முழுமையாக உருவான பிறகு நடுவில் உள்ள வேகம் சராசரியைப்போல இரண்டு மடங்கு. எங்கள் குழாய் அதற்குப் போதிய நீளம் இல்லாததால் ஒன்றரை மடங்கு சொச்சத்தில் நின்றது. சூத்திரம் கேட்பது சராசரியை, அதாவது Q/A. இப்போது பாடத்தில் “V என்பது சராசரித் திசைவேகம், ஒரு விநாடியில் வெளிவரும் நீரின் கன அளவைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது” என்று இருக்கிறது. அடைமொழியை வெட்டும் முன் அது எந்த அளவீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 2000, 4000 என்ற எல்லைகளிலும் இப்படி ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. மூலத்தில் “பொதுவாக” என்று இருந்ததை நான் விட்டிருந்தேன். பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்கள், “அங்க 1000-க்குக் கீழன்னு படிச்சோமே, 2000-க்கு மேல போனா சுழற்சி ஓட்டம்னு இருந்துச்சே” என்று கேட்டார்கள். எது சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. இவை கத்தி வைத்து வெட்டிய கோடுகள் இல்லை. தொட்டியில் நீரை வெகுநேரம் அசையாமல் வைத்து, குழாயின் வாயை வழவழப்பாக விரித்து வைத்தால் 4000-ஐத் தாண்டியும் இழை நேராக ஓடும். ரெனால்ட்ஸே 12,000-க்கு மேல்வரை கொண்டுபோயிருக்கிறார். மேசையை ஒரு தட்டு தட்டினால் கலைந்துவிடும். ஆனால் ஏறக்குறைய 2000-க்குக் கீழே எவ்வளவு தட்டினாலும் அசைவு அடங்கி, இழை மறுபடி நேராகும். அதனால் 2000-க்கு “இதற்குக் கீழே கொந்தளிப்பு நிலைக்காது” என்றும், 4000-க்குப் “பொதுவாக இதற்கு மேலே கொந்தளிப்பாகவே இருக்கும்” என்றும் எழுதினேன். தேர்வில் டிப்ளமோ பாடத்தின் எண்களையே எழுதச் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம்.

கடைசியாக எடுத்துக்காட்டு. மூலத்தில் தேனும் ஆறும் இருந்தன. மெதுவாகப் போவது அடுக்கு ஓட்டம், வேகமாகப் போவது கொந்தளிப்பு என்றே மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதை எடுத்துவிட்டு வேறு இரண்டு வைத்தேன். ஆமணக்கு எண்ணெய்க்கு 20 டிகிரியில் μ ஏறக்குறைய 1 Pa·s, தண்ணீரைப்போல ஆயிரம் மடங்கு. அதே 20 மில்லிமீட்டர் குழாயில் அதை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் Re 20-ஐத் தொடாது, அசல் அடுக்கு ஓட்டம். இரண்டாவது, வீட்டுக் குழாய். உள்விட்டம் 15 மில்லிமீட்டர், 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது. Re எவ்வளவு என்று வீட்டில் போட்டுவரச் சொன்னேன். பெரும்பாலும் 26,000 பக்கம் வந்தது. ஒரு பையனுக்கு மட்டும் 26 வந்திருந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். விட்டத்தை மீட்டரில் சரியாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அடர்த்தியை 1000 என்று போடாமல் 1 என்று போட்டிருந்தான். என் தாளில் “நீரின் அடர்த்தி 1” என்று அலகில்லாமல் ஓரிடத்தில் எழுதியிருந்தது. ஐந்தாவது திருத்தம் அதற்குத்தான்.