கான்வாஸுக்கு ஓர் உருவப்படம்: இரண்டாம் முயற்சி

தட்டையான வண்ணப் பரப்புகளும் கூர்மையான கோடுகளும் கொண்டு நான் வரைந்த உருவப்படத்தை 16×20 அங்குலக் கான்வாஸில் முதன்முறை அச்சிட்டபோது, கோடுகளின் ஓரங்களில் அழுக்குப் புள்ளிகள் தெரிந்தன. கரும்பச்சை நீலப் பின்னணியும் மங்கிப்போயிருந்தது. கோப்பு 1600×2000 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 100 பிக்சல் மட்டுமே என்பதால், குறை முழுவதும் ரெசல்யூஷனில்தான் இருக்கிறது என்று எண்ணினேன். அது பாதி உண்மையே.

கான்வாஸின் நெசவு நுண்விவரத்தை ஓரளவு மறைத்துவிடுவதால், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் போதுமானது. படத்தை இரண்டு மடங்காக்கினால் 3200×4000 கிடைக்கும். சட்டத்தைச் சுற்றி மடிக்க நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் வேண்டும். ஆகவே பக்கத்துக்கு 300 பிக்சல் பின்னணி நிறத்தை நீட்டி வரைந்து, கோப்பை 3800×4600 ஆக்கினேன்.

பெரிதாக்கும் வேலையில்தான் அதிக நேரம் சென்றது. அழுக்குப் புள்ளிகள் ஜேபெக் சுருக்கத்தின் தடங்கள். பெரிதாக்கும்போது அவையும் சேர்ந்து பெரிதாகியிருந்தன. எனவே இம்முறை வரைந்த மூலக் கோப்பிலிருந்து நேரடியாக எடுத்த, சுருக்கத்தில் விவரம் இழக்காத பிஎன்ஜி கோப்பிலிருந்து தொடங்கினேன். அருகிலுள்ள பிக்சல்களைக் கொண்டு இடைவெளியை நிரப்பும் பைகியூபிக் முறை கோடுகளை மென்மையாக்கிவிட்டது. புகைப்படங்களுக்கான பெரிதாக்கும் மென்பொருளோ, தட்டையாக இருக்க வேண்டிய கன்னத்தில் தோல் துளைகளைப் போன்ற அமைப்பைத் தானாகச் சேர்த்தது. பெரிதாக்கும் மென்பொருளில் ஓவியத்துக்கான தேர்வு கோடுகளைச் சுத்தமாகக் காத்தாலும், கண்மணியில் இருந்த சிறு ஒளிப்புள்ளியின் வடிவத்தை மாற்றியது. அதை மட்டும் பெரிதாக்கிய கோப்பில் கையால் திருத்தினேன். உருவப்படத்தில் பார்வையின் உயிர் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

பின்னணி மங்கியதற்குக் காரணம் வேறு. எந்த நிறங்கள் அச்சில் வரும் என்று விவரிக்கும் கான்வாஸ் ஐசிசி ப்ரொஃபைல் கோப்பை அச்சகம் தந்திருந்தது. அதை ஓவிய மென்பொருளான Krita-வில் ஏற்றி, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் Soft Proofing முறையில் பார்த்தபோது, அந்த நீலம் அந்த மையும் கான்வாஸும் சேர்ந்து தரக்கூடிய வண்ண எல்லைக்கு வெளியே இருப்பது தெரிந்தது. நிறங்களை அச்சுக்கு மாற்றும் முறைகளுள் ஒன்றான ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் முறையில் எல்லைக்கு வெளியே உள்ள நிறங்கள் எல்லையோரத்துக்கு இழுக்கப்படுவதால், பின்னணியின் இரு சாயல்கள் ஒன்றாகிவிட்டன. எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்ச்சுவல் முறை வேறுபாட்டைக் காத்தாலும் முகத்தையும் சேர்த்து வெளிறச் செய்தது. ஆகவே முதல் முறையையே வைத்துக்கொண்டு, நீலத்தின் செறிவை மட்டும் நானே குறைத்து, இரு சாயல்களுக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டினேன்.

கோப்பை அந்தக் கான்வாஸ் ப்ரொஃபைலுக்கு மாற்றாமல், திரைகளுக்கான பொது வண்ண வரையறையான sRGB ப்ரொஃபைலை உட்பொதித்தே அனுப்பினேன். அச்சகமே அந்த மாற்றத்தைச் செய்யும் என்பதால், நானும் செய்தால் நிறம் இருமுறை திரிந்துவிடும். முழுப் படத்துக்கு முன், கண்ணும் தாடையடி நிழலும் பின்னணியும் அடங்கிய பட்டையை உண்மை அளவிலேயே அச்சிடச் செய்தேன். கோடுகள் சுத்தமாக வந்தன, இரு நீலங்களும் பிரிந்து தெரிந்தன. தாடையடி நிழல் மட்டும் கருமையாக மூடிக்கொண்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியில் அந்தப் பகுதியைச் சற்றே உயர்த்தி, மீண்டும் ஒரு பட்டை அச்சிட்டுச் சரிபார்த்த பிறகே முழுக் கோப்பை அனுப்பினேன்.