காற்றாடி ஓடும் வீட்டில் பதிவான ஒரு வாக்கியம்

"அப்பா பசார்ல மீன் வாங்கிட்டாரு."

கோலாலம்பூரில் தமிழ்ப் பேச்சைப் பதிவுசெய்து, ஒவ்வோர் ஒலிக்கும் தொடக்கமும் முடிவும் குறிக்கிற வேலையில் கைக்கு வருபவை பெரும்பாலும் இந்த மாதிரி வாக்கியங்கள்தான். பேசுகிறவர் நடுத்தர வயது ஆண். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து அடுக்குமாடி வீடு. தலைக்கு மேல் காற்றாடி ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, கீழே தெருவில் ஒரு காப்சாய் மோட்டார் போகிறது. காதால் கேட்டால் எல்லாம் தெளிவாகவே இருக்கும். இந்த இரண்டு வினாடியை, ஒலியைப் படமாக்கிக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்தால்தான் சிக்கல் தெரியும். காது தானாக ஒதுக்கிவிட்ட இரைச்சல் அத்தனையும் படத்தில் கறுப்பாக நிற்கும்.

படத்தின் கணக்கு எளிது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், எங்கே ஒலியின் ஆற்றல் கூடுதலோ அங்கே கறுப்பு. Praat மென்பொருளில் திறந்ததும் `Window length` 0.005 என்று இருக்கும். 5 மில்லிவினாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக ஒலி அலசப்படுகிறது என்று பொருள். பேச்சைப் படிக்க இதுவே சரியான தொடக்கம். ஆனால் `View range` 5000 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. அதை முதல் வேலையாக 8000 ஆக்கிவிட வேண்டும். ஏன் என்பது பசாருக்குப் போகும்போது புரியும்.

உயிரொலியிலிருந்து தொடங்குவதே நல்லது. 'அப்பா'வின் கடைசி ஆகாரத்தைப் பாருங்கள். செங்குத்தான மெல்லிய கோடுகள் வரிசையாக, சீப்பின் பற்களைப் போல நிற்கின்றன. குரல்நாண்கள் ஒருமுறை மூடித் திறப்பதற்கு ஒரு கோடு. இவருடைய குரல் ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ், ஆகவே கோட்டுக்குக் கோடு 8 மில்லிவினாடி இடைவெளி. அந்தக் கோடுகளின் மேல் குறுக்கே இரண்டு மூன்று கருமையான பட்டைகள் ஓடுகின்றன. அவைதான் ஃபார்மண்ட்கள், வாயின் வடிவம் அழுத்தமாக எதிரொலிக்கும் இடங்கள். ஆகாரத்தில் முதல் பட்டை 700 ஹெர்ட்ஸை ஒட்டியும் இரண்டாவது 1200-ஐ ஒட்டியும் நெருங்கி இருக்கும். 'மீன்' ஈகாரத்தில் முதல் பட்டை 300-க்கு இறங்கிவிடும், இரண்டாவது 2200-க்கு ஏறிவிடும், நடுவில் வெள்ளை அகலமாக விரியும். இந்த ஒரு வேறுபாடு கண்ணில் பதிந்துவிட்டால் மற்ற உயிர்களை இவற்றோடு ஒப்பிட்டே கண்டுபிடிக்கலாம். பேசுகிறவர் பெண்ணாகவோ குழந்தையாகவோ இருந்தால் பட்டைகள் எல்லாமே சற்று மேலே இருக்கும். குரல் உச்சமாக இருப்பதால் செங்குத்துக் கோடுகளும் ஒன்றோடொன்று கலங்கிப்போகும். அப்போது `Window length`-ஐ 0.003 ஆக்கினால் கோடுகள் மீண்டும் பிரியும்.

பட்டை என்று சொல்லிவிட்டு, Praat வைக்கும் சிவப்புப் புள்ளிகளை நம்பிவிடக் கூடாது. அது எந்த நொடியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஃபார்மண்ட் தேடும். பேச்சே இல்லாத இடத்தில் காற்றாடி இரைச்சலுக்கும் புள்ளி வைத்துவிடும். கருமையை முதலில் பார்த்துவிட்டுப் புள்ளியைப் பிறகு பார்ப்பதே முறை.

இனி 'ப்ப்'. இரண்டு உதடும் மூடியிருக்கும் நேரம் என்பதால் ஏறக்குறைய 150 மில்லிவினாடிக்குப் படம் வெறுமையாக வேண்டும். ஸ்டூடியோவில் அப்படித்தான் வெள்ளையாக இருக்கும். இங்கே அடிப்பகுதியில், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒரு சாம்பல் பட்டை நிற்கிறது. காற்றாடியின் இரைச்சல்தான் அது. பிரச்சினை என்னவென்றால், குரல்நாண் அதிர ஒலிக்கும் 'ப'வுக்கும், அதாவது 'கோபம்' என்பதில் வருகிற 'ப'வுக்கும், மூடிய நேரத்தில் இதே உயரத்தில் ஒரு கரும்பட்டை வரும். குரல்நாண் ஓசை கழுத்து வழியாகக் கசிவதால் வருகிற பட்டை அது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பெரிதாக்கிப் பார்த்தால் போதும். குரலின் பட்டைக்குள் அதே 8 மில்லிவினாடிக் கோடுகள் தெரியும். காற்றாடியின் பட்டை மணலைத் தூவியது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். அதோடு, குரலின் பட்டை மெய்யோடு தொடங்கி மெய்யோடு முடியும். காற்றாடி வாக்கியம் தொடங்குவதற்கு முன்பே இருந்தது, முடிந்த பிறகும் இருக்கும். ஆகவே பேச்சுக்கு முன்னும் பின்னும் அரை வினாடி வெற்றுப் பதிவை வெட்டாமல் வைத்திருக்கும்படி பதிவு செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த அரை வினாடியை விட்டால் வேறு அளவுகோல் கிடையாது.

'பசார்' சகரத்துக்கு வருவோம். இங்கே குரல் கோடுகள் நின்றுவிடும். 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே அடர்த்தியான கறுப்பு மேகம் ஒன்று எழும். பார்க்கும் எல்லை 5000-த்தில் நின்றிருந்தால் மேகத்தின் அடிவாரம் மட்டுமே தெரிந்திருக்கும், காற்று இரைச்சல் என்று தள்ளிவிட்டிருப்போம். உண்மையான சகரத்துக்கு ஓரம் உண்டு. முந்திய அகரத்தின் பட்டைகள் மங்கும்போது மேகம் தொடங்கும், அடுத்த ஆகாரத்தின் கோடுகள் எழும்போது நின்றுவிடும். ஏர்கோன் சீறலும் கூரைமேல் விழும் மழையும் இதே உயரத்தில் படரும். ஆனால் உயிருக்கும் மெய்க்கும் வழிவிடாமல் எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் போகும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடமும் இந்தச் சகரத்தை ஒட்டியதே. "அக்கா, 'அப்பா'வுக்கும் 'பசாரு'க்கும் நடுவுல ஒரு 'ஸ்' இருக்கு பாருங்க" என்று காட்டுவார்கள். திரையில் பார்த்தால் உண்மையிலேயே கறுப்பாகத்தான் இருக்கும். தவறு அவர்களுடையது அல்ல. Praat-இல் `Autoscaling` என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். திரையில் அந்த நேரத்தில் தெரியும் பகுதியில் எது மிக வலுவானதோ அதை முழுக் கறுப்பாக்கி, மற்றதை அதற்கேற்ப மங்கவைப்பது அதன் வேலை. வாக்கியம் முழுதும் தெரியும்போது ஆகாரம்தான் கறுப்பு, இரைச்சல் வெளிர் சாம்பல். இரு சொல்லுக்கு நடுவிலுள்ள அமைதியை மட்டும் பெரிதாக்கினால் போட்டிக்கு ஆகாரம் திரையில் இல்லை, இரைச்சலே கறுப்பாகிவிடுகிறது. போதாததற்கு, `Pre-emphasis` என்ற அமைப்பு அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும் 6 டெசிபெல் ஏற்றிக் காட்டுகிறது. மேலே உள்ள ஒலிகள் உள்ளதைவிட வலுவாகத் தெரிவது அதனால்தான். தீர்வு இரண்டு. பெரிதாக்கும்போது திரையின் ஓரத்தில் ஓர் உயிரொலியையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். அல்லது `Advanced spectrogram settings`-க்குள் போய் `Autoscaling`-ஐ எடுத்துவிட்டு, `Maximum` அளவைக் கையால் நிலையாக வைக்கலாம். ஒரே பதிவில் நூறு வாக்கியம் குறிக்கிறவருக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கருத்து. கறுப்புக்கு ஒரே பொருள் இருந்தால்தான் கண் பழகும்.

'ர்ல' என்ற இடத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பேச்சு வேகத்தில் ரகரம் பெரும்பாலும் தேய்ந்துபோயிருக்கும், எல்லையைக் காதால் கேட்டே வைக்க வேண்டும். 'மீன்' கொஞ்சம் இரக்கமுள்ளது. மூக்கொலியில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வலுவான பட்டை இருக்கும், மேலே எல்லாம் மங்கிவிடும், ஈகாரம் தொடங்கும் இடத்தில் 2200-இல் கறுப்பு சட்டென்று படியேறும். எல்லைக்கோட்டை அந்தப் படியில் வைக்க வேண்டும். அடியிலுள்ள பட்டையைப் பார்த்து வைத்தால் காற்றாடி ஏமாற்றிவிடும்.

'வாங்கிட்டாரு' சொல்லும்போதுதான் மோட்டார் வருகிறது. மோட்டார் சத்தம் என்றால் குறுக்குக் கோடுகளாக வரும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். ஒற்றை சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், வினாடிக்கு 50 வெடிப்பு. அதாவது 20 மில்லிவினாடிக்கு ஒன்று. நாம் 5 மில்லிவினாடித் துண்டுகளாகப் பார்க்கிறோம். ஆகவே ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனிச் செங்குத்துக் கோடாக, கரகரத்த குரலைப் போலவே தெரியும். வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்கிக் கரகரப்பது மனிதர்களுக்கும் இயல்பு என்பதால் இது மோசமான ஏமாற்று. `Window length`-ஐ 0.03 ஆக்கிப் பாருங்கள். இப்போது வெடிப்புகள் கரைந்து, 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் குறுக்குக் கோடுகளாக அடுக்கப்படும். ஓட்டுகிறவர் முடுக்கும்போது அத்தனை கோடும் சேர்ந்து மேலே வளையும். அதே படத்தில் குரலுக்கும் தனிக் கோடுகள் உண்டு, 120 ஹெர்ட்ஸ் இடைவெளியில், வேறொரு வளைவில். இரண்டு அடுக்கும் சேர்ந்து நகர்வதில்லை. பார்த்து முடித்ததும் 0.005-க்குத் திரும்பிவிட வேண்டும், 0.03-இல் மெய்யின் எல்லைகள் கலங்கிவிடும்.

மோட்டாரை உறுதிசெய்ய இன்னொரு இடம் 'ட்ட்'. நாக்கு மேலண்ணத்தை மூடியிருக்கும் அந்த 140 மில்லிவினாடியில் குரல் நிற்கிறது. எஞ்சின் நிற்காது. மூடலுக்குள்ளும் 20 மில்லிவினாடிக்கு ஒரு கோடு வந்துகொண்டிருந்தால் அது தெருவிலிருந்து வருவது.

அந்த 'ட்ட்' என்பதை 'த்த்' அல்ல என்று எப்படிச் சொல்வது? மூடலுக்குள் எதுவும் கிடைக்காது. அதற்கு முந்திய இகரத்தில்தான் தேட வேண்டும். நாக்கின் நுனி வளைந்து மேலே போகப் போக மூன்றாவது ஃபார்மண்ட் கீழே சாயும். இந்தப் பதிவில் 2700-இல் இருந்தது மூடலுக்குள் நுழையும்போது 2100 வரை வந்து இரண்டாவதை ஏறக்குறையத் தொடுகிறது. 'வாங்கித்தா' என்று சொல்லியிருந்தால் அந்தச் சாய்வு இருந்திருக்காது. மூடல் திறக்கும் கணத்தில் ஊசி போல ஒரு கோடு, அடுத்த 20 மில்லிவினாடிக்குள் ஆகாரத்தின் குரல் கோடுகள் தொடங்கிவிடும். தொலைபேசி வழி வந்த பதிவில் ஒலி 3400 ஹெர்ட்ஸோடு வெட்டப்பட்டிருந்தாலும் இந்தச் சாய்வு தப்பிவிடும். சகரத்தின் மேகம்தான் பெரும்பாலும் காணாமல் போகும்.

கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதியை மட்டும் பதிவுக்கு முன்பே அணைத்துவிடச் சொல்ல வேண்டும். அது காற்றாடியோடு சேர்த்து மெல்லிய மெய்களின் தொடக்கத்தையும் விழுங்கிவிடும். அப்படிப்பட்ட பதிவில் மூடல்கள் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருக்கும், பக்கத்து உயிரொலியிலோ இரைச்சல் அப்படியே இருக்கும். அந்தப் பதிவில் மூடலின் நீளத்தை அளந்து எழுதக் கூடாது.

மிஞ்சுவது கடைசி 'ரு'. உகரம் குறுகி, குரல் தேய்ந்து, காற்றாடி இரைச்சலுக்குள் மூழ்குகிறது. எங்கே முடிகிறது என்பதைக் காதும் சொல்லாது, ஏனென்றால் சொல் தெரிந்த காது இல்லாத உகரத்தையும் நிரப்பிக்கொள்ளும். குரலின் செங்குத்துக் கோடு முதல் பட்டையிலும் இரண்டாவது பட்டையிலும் ஒருசேரத் தெரியும் கடைசி இடத்தைத் தேடி, எல்லையை அங்கே வையுங்கள். ஒரே ஒரு பட்டையில் மட்டும் தெரியும் கோடு தெருமுனையைத் திரும்பிய அந்த மோட்டாராகவும் இருக்கலாம்.