லீவு யாரிடம் கேட்பது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்தத் தடைக்காலத்தில்தான் எங்களைப் போன்ற கொள்முதல்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். 2019-ஆம் ஆண்டு தடைக்காலத்தின் கடைசி வாரங்களில், நான் பணிபுரிந்த கடலுணவு ஏற்றுமதி நிறுவனம் தன் கொள்முதல் பிரிவை மாற்றியமைத்தது. மண்டபம், தொண்டி, மூக்கையூர் ஆகிய மூன்று மையங்களின் ஊழியர்களுக்கும் அதை நேரில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. மொத்தம் பதினான்கு பேர். அவர்களில் மூன்று மேற்பார்வையாளர்களையும் மூன்று தரப் பரிசோதகர்களையும்தான் அந்த மாற்றம் நேரடியாகத் தொட்டது.

மாற்றத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மையத்திலும் மேற்பார்வையாளர்தான் தலைவர். அவருடைய வேலை எத்தனை கிலோ வாங்கினார் என்பதை வைத்து அளக்கப்பட்டது. தரப் பரிசோதகரின் வேலையோ, வாங்கக் கூடாததைக் கழிப்பது. ஐஸ் பெட்டியின் நடுவில் வெப்பமானியைக் குத்தி நான்கு டிகிரிக்கு மேல் காட்டுகிறதா என்று பார்ப்பார். இறாலின் தலை கறுத்திருக்கிறதா, கணவாயின் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்படிக் கழிக்கிறவருக்கு விடுப்பு தருவதும் ஆண்டு மதிப்பீடு எழுதுவதும் வாங்குகிறவரின் கையிலேயே இருந்தன. விடியற்காலையில் படகு வந்து, பக்கத்தில் வேறு நிறுவனத்தின் ஆட்களும் பணத்தோடு நிற்கும்போது, "இந்தப் பெட்டி வேண்டாம் அண்ணே" என்று சொல்வது ஒரு பரிசோதகருக்கு எளிதான காரியமல்ல. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, மீன்பாடு அதிகமாக இருந்த நாட்களில்தான், அதாவது பெட்டிகள் குவிந்து ஐஸ் பற்றாமல் போகிற நாட்களில்தான், 'கழிவு' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அந்தச் சரக்கில் ஒரு பகுதி பணம் கொடுத்து வாங்கப்பட்ட பிறகு ஆலையில் கழிக்கப்பட்டிருந்தது. அதனால் மூன்று பரிசோதகர்களும் இனி ஆலையிலிருக்கும் தரப் பிரிவு அதிகாரியின் கீழ் வருவார்கள் என்று முடிவாயிற்று.

முதலில் மண்டபத்துக்குப் போனேன். அங்கே நான் இரண்டு தவறுகள் செய்தேன். எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சொன்னது முதல் தவறு. பதினொரு ஆண்டுகளாக அந்த மையத்தைக் கட்டிக்காத்த மேற்பார்வையாளர், தன் கீழிருந்த ஒருவர் இனி தன் கீழ் இல்லை என்ற செய்தியை, அந்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கேட்க நேர்ந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையிலிருந்த கொள்முதல் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய நேர்மையின் மீது எவருக்கும் ஐயம் இல்லை என்பதையும், தவறு அமைப்பில்தான் இருந்தது என்பதையும் அவரிடம் தனியாக, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பிறகு சொன்னேன். ஆனால் பிறகு சொல்வது சமாதானம் சொல்வதாகத்தான் ஆகும்.

இரண்டாவது தவறு, "மற்றபடி எதுவும் மாறாது" என்று சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அந்த மையத்தின் பரிசோதகர், இரண்டு பிள்ளைகளின் தாய், கேட்டார்: "அப்ப நாளைக்கு லீவு வேணும்னா நான் யார்கிட்ட சார் கேக்கணும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. யார் யாருக்குக் கீழ் என்ற வரைபடம் என் பையில் இருந்தது. ஆனால் அந்த ஒரு கேள்விக்கான விடை அதில் இல்லை. எதுவும் மாறாது என்று நான் சொன்ன அந்த நிமிடத்திலேயே அவருடைய அன்றாடத்தில் பாதி மாறிப்போயிருந்தது.

அன்று மாலைக்குள் செய்தி தொண்டிக்குப் போய்விட்டது, அதுவும் "மேற்பார்வையாளர்களைத் தூக்கப் போகிறார்கள்" என்ற வடிவத்தில். மூன்று மையங்களுக்கும் ஒரே நாளில் சொல்லியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு தரப் பிரிவு அதிகாரியோடும் பணியாளர் பிரிவு அலுவலரோடும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ஒரு தாள் எழுதினோம். விடுப்பைத் தரப் பிரிவு அதிகாரி அனுமதிப்பார்; ஆனால் பரிசோதகர் மேற்பார்வையாளருக்கும் முதல் நாளே தெரிவிக்க வேண்டும். மதிப்பீட்டை அதிகாரி எழுதுவார். பேட்டா பில்லில் மேற்பார்வையாளரே கையெழுத்திடுவார், ஏனென்றால் எத்தனை மணிக்கு யார் வந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு பெட்டியைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பரிசோதகரின் சொல்லே நிற்கும். ஏற்காவிட்டால், விலை பேசுமுன் மேற்பார்வையாளர் அதிகாரியைத் தொலைபேசியில் அழைக்கலாம். பதில் வரும்வரை அந்தப் பெட்டி, மேலே ஐஸ் போட்டுத் தனியாக வைக்கப்பட்டிருக்கும் என்று எழுதினோம். விடிகாலை நான்கு மணிக்கும் அதிகாரி தொலைபேசியை எடுக்க வேண்டும் என்ற வரியை அவரே தன் கையால் சேர்த்தார்.

'மாறாதவை' என்ற பகுதியில், உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். சம்பளம், பணியில் சேர்ந்த தேதி, பி.எஃப். கணக்கு, வேலை பார்க்கும் ஊர் ஆகியவை மாறாது. வேலை நேரம் பற்றி எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. பரிசோதகர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வர வேண்டும் என்று ஆலையில் ஒரு யோசனை இருந்தது. ஊழியரின் வேலை நேரத்தை மாற்றுவதானால், அப்போது நடைமுறையிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவின்படி 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும், யாரிடம் அறிக்கை செய்வது என்ற மாற்றத்தோடு இதையும் சேர்த்துச் சொல்லக் கூடாது என்றும் பணியாளர் பிரிவு அலுவலர் எச்சரித்தார். அந்த யோசனை கைவிடப்பட்டது. அதனால் 'வேலை நேரம் மாறாது' என்ற வரியை மனச்சாட்சியோடு எழுத முடிந்தது. மூக்கையூரில் வரத்து குறைவு என்பதால் அங்கே பரிசோதகர் வாரம் முழுதும் இருப்பாரா என்பது மட்டும் தெரியவில்லை. அதை மறைக்காமல், 'இன்னும் முடிவாகவில்லை. ஜூலை 31-க்குள் எழுத்தில் தெரிவிக்கப்படும்' என்று எழுதினோம்.

மறுநாள் தொண்டிக்கு நானும் மூக்கையூருக்குத் தரப் பிரிவு அதிகாரியும் ஒரே நேரத்தில் போனோம். தொண்டியில் மேற்பார்வையாளரை முதலில் தனியாகப் பார்த்து, "உங்கள் வேலை போகவில்லை, பொறுப்பும் குறையவில்லை, பரிசோதகரின் மதிப்பீடு மட்டும் உங்களிடமிருந்து போகிறது" என்று வதந்திக்கான பதிலிலிருந்தே தொடங்கினேன். அவர் நீண்ட நேரம் கேட்டுவிட்டு, "இதுவரை கழிச்ச பெட்டிக்கு என் கணக்குலதான் கிலோ குறைஞ்சுச்சு சார், இனி குறையாதுல்ல?" என்றார். மாற்றத்தின் காரணத்தை நான் எழுதியதைவிடத் தெளிவாக அவர் சொல்லிவிட்டார். கழித்த கிலோவை மேற்பார்வையாளரின் இலக்கிலிருந்து நீக்க வேண்டும் என்பது எங்கள் தாளில் இல்லை. அன்றே ஆலைக்குப் பேசி ஒப்புதல் வாங்கி அதையும் சேர்த்தோம். பிறகு பரிசோதகரிடம் தனியாகவும், ஒரு மணி நேரம் கழித்து எல்லோரிடமும் அதே தாளை வாசித்துக் காட்டினேன்.

புதிய ஏற்பாடு ஜூன் 1-ஆம் தேதியே தொடங்கியது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போய்வருவதால், சிறிய வரத்தில் இரண்டு வாரம் பழகிப் பார்க்க முடிந்தது. அந்த இரண்டு வாரத்தில் விடிகாலைத் தொலைபேசி நான்கு முறை ஒலித்தது. மூன்று முறை பெட்டி கழிக்கப்பட்டது, ஒரு முறை வாங்கப்பட்டது. ஜூலை கடைசியில் நான் மூக்கையூர் போனபோது, ஐஸ் அறைக் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளில் 'முடிவாகவில்லை' என்ற வரியைப் பரிசோதகர் பேனாவால் அடித்து, அதன் மேல் 'வாரம் முழுதும்' என்று எழுதித் தேதியும் போட்டிருந்தார்.