ரசீது கேட்டேன்

இன்று காலை ஏதோ யோசனையில் சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். பணியிலிருந்த காவலர் அபராதத் தொகையைச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ரசீது வேண்டாம்னா பாதி போதும்" என்றார்.

ஒரு நிமிடம் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாதிக்குப் பெயர் அபராதம் இல்லை. அரசுக் கணக்கில் ஏறாமல் அவர் பைக்குள் போகிற லஞ்சம் அது. கோட்டைத் தாண்டியது சின்னத் தப்பு. லஞ்சம் கொடுத்தால் நானும் பெரிய குற்றத்தில் பங்காளி.

"முழுசாவே கட்டுறேன் சார், ரசீது போடுங்க" என்றேன்.

முகத்தைச் சுளித்தபடி புத்தகத்தை எடுத்தார். வரிசை எண் அச்சிட்ட தாள், அடியில் கார்பன். தேதி, நேரம், வண்டி எண், குற்றப் பிரிவு எல்லாம் எழுதிவிட்டு, தொகை இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கிழித்து நீட்டினார். அங்கேதான் கவனம் வேண்டும். தாளைக் கிழித்தபின் என் பிரதியில் ஒரு தொகையும் அலுவலகப் பிரதியில் குறைவான தொகையும் எழுத முடியும். திரும்பக் கார்பன் மேல் வைத்து, எண்ணிலும் எழுத்திலும் நிரப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரசீதைப் படமெடுத்து வைத்தேன். கேமராவில் சிக்கி இதே தப்புக்கு இன்னொரு நோட்டீஸ் வந்தால் காட்ட அந்த எண் இருக்கிறது.