மாறுகண் இல்லாத சோம்பேறிக் கண்: எங்கள் மகளின் ஒட்டுச் சிகிச்சை

எங்கள் மகளுக்கு மாறுகண் கிடையாது. தொலைக்காட்சிக்கு அருகில் போய் உட்காரும் வழக்கமும் இல்லை. யு.கே.ஜி. படித்தபோது பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் வலது கண்ணை மூடியதும், பலகையின் மேல் வரிகளைத் தவிர வேறெதையும் அவளால் சொல்ல முடியவில்லை. இரு கண்களையும் திறந்து வைத்துச் சோதித்திருந்தால் வலது கண்ணே எல்லாவற்றையும் படித்துக் கொடுத்திருக்கும். விரலிடுக்கு வழியாகப் பார்க்க முடியாதபடி ஒரு கண்ணை முழுதாக மறைத்துச் சோதிப்பதில்தான் பள்ளிப் பரிசோதனையின் பயனே இருக்கிறது.

கண் மருத்துவர் மருந்திட்டுக் கண்ணின் குவிக்கும் தசையைத் தளர்த்திய பிறகே பவரை அளந்தார். குழந்தைகளின் கண் தன் பிளஸ் பவரைத் தானே ஈடுகட்டி மறைத்துவிடுமாம். வலது கண்ணில் பிளஸ் ஒன்றும், இடது கண்ணில் பிளஸ் நாலரையும் இருந்தன. இடது கண்ணிலிருந்து எப்போதும் மங்கலான படமே வந்ததால் மூளை அதை ஒதுக்கி, வலது கண்ணை மட்டும் நம்பப் பழகியிருந்தது; இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். கண்ணாடி அணிவித்த உடனேயும் இடது கண்ணின் பார்வை 6/36 அளவிலேயே, அதாவது இயல்பான கண் 36 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கும் நிலையிலேயே, நின்றதற்கு அதுவே காரணம்.

ஆயினும் நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டை உடனே போடவில்லை. முதல் சில மாதங்கள் கண்ணாடி மட்டும்தான். சில குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. எங்கள் மகளுக்கு 6/18 வரை வந்து முன்னேற்றம் நின்ற பின்னர், நன்றாகத் தெரியும் வலது கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் மறைக்கச் சொன்னார்கள். மிதமான குறைபாட்டில் இரண்டு மணி நேர ஒட்டும் ஆறு மணி நேர ஒட்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்ததாக ஆய்வுகள் காட்டியிருப்பதை மருத்துவர் விளக்கியபோது பெரும் பாரம் இறங்கியது.

கண்ணாடியில் மாட்டும் துணி மறைப்பை எங்கள் வீட்டில் கைவிட நேர்ந்தது, ஏனெனில் அவள் தலையைச் சாய்த்து அதன் ஓரம் வழியாக நல்ல கண்ணாலேயே பார்த்தாள். தோலில் ஒட்டும் பட்டையை ஒட்டி அதன்மேல் கண்ணாடியைப் போட்டோம்; பள்ளி முடிந்து வந்ததும் அந்த நேரத்தில் வண்ணம் தீட்டினாள், மணி கோத்தாள். முதல் வாரங்களில் அழுகையும் பிடுங்கலும் இருந்தன. மறைத்த கண்ணின் பார்வை குறைந்துவிடக் கூடும் என்பதால், ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் வலது கண்ணையும் தனியே அளந்தார்கள்.

இடது கண் 6/9-ஐ எட்டியபின் ஒட்டு நேரத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். நிறுத்திய முதல் ஓராண்டில் பார்வை மறுபடி சரியும் வாய்ப்பு இருப்பதால் சோதனை தொடர்கிறது, கண்ணாடியும் தொடர்கிறது. ஏழு வயதுக்குப் பின் பலன் பொதுவாக மெதுவாகும், ஆனால் முற்றிலும் இல்லாமல் போவதில்லை என்றார் மருத்துவர். இக்குறை குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதால், எழுத்தறியாத மூன்று வயதுத் தம்பிக்கும் படப் பலகையை வைத்து ஒவ்வொரு கண்ணாகச் சோதித்து முடித்தோம்.