இரண்டு கட்டமா, நான்கு கட்டமா: ஒரு கேபிளில் கற்ற கணக்கு

கிளாக்கைப் பகிர்ந்துகொள்ளாத இரண்டு சர்க்யூட்டுகள் தகவல் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், ஒருவர் கேட்பதும் மற்றவர் ஒப்புக்கொள்வதும்தான் வழி, இதற்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். அனுப்புபவர் req என்ற வயரில் "தரவு தயார்" என்பார், வாங்குபவர் ack என்ற வயரில் "வாங்கிவிட்டேன்" என்பார். இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் இரண்டு கட்சிகள்.

நான்கு கட்ட முறையில் req மேலே போகும், ack மேலே போகும், பிறகு req கீழே வரும், ack கீழே வரும். ஒரு சொல்லை, அதாவது தரவு வயர்களில் ஒரே தடவையில் போகும் பிட்களின் தொகுப்பை, அனுப்ப நான்கு நிலைமாற்றங்கள். இதில் பின்பாதி இரண்டும் எந்தச் செய்தியும் சொல்வதில்லை. அடுத்த முறைக்காக வயர்களைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது மட்டும்தான் அவற்றின் வேலை. இரண்டு கட்ட முறையில் அந்தத் திரும்பி வரும் பயணமே கிடையாது. req எந்தப் பக்கம் மாறினாலும் அது ஒரு புதிய சொல், ack எந்தப் பக்கம் மாறினாலும் அது ஓர் ஒப்புதல். ஒரு சொல்லுக்கு இரண்டே நிலைமாற்றங்கள்.

காகிதத்தில் பார்த்தால் சரிபாதி மிச்சம். அப்படியானால் உலகம் ஏன் இன்னும் நான்கு கட்டத்தை விடவில்லை? இந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் பதில் கிடைத்தது, இரண்டு போர்டுகளுக்கு நடுவே இரண்டு மீட்டர் ரிப்பன் கேபிள் போட்ட ஒரு வேலையில்தான்.

இடது போர்டு ஒரு கேமரா சென்சாரிலிருந்து 640 × 480 அளவுப் படங்களை எடுக்கும், ஒரு பிக்சலுக்கு 16 பிட். வலது போர்டில் உள்ள எஃப்பிஜிஏ அவற்றை ஆராயும். இரண்டிலும் தனித்தனி 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர். நொடிக்கு 25 படம் வேண்டும் என்பது தேவை. ஒரு படத்துக்கு 3,07,200 சொற்கள், 25 படத்துக்கு நொடிக்குச் சுமார் 77 லட்சம் சொற்கள்.

முதலில் நேரக் கணக்கு. கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 5 நானோ நொடி, ஆக இரண்டு மீட்டருக்கு 10. இரு முனையிலும் உள்ள பஃபர்களுக்கு ஒரு 5. எதிர்முனையின் கிளாக் வேறு என்பதால் வந்த சிக்னலை இரண்டு ஃபிளிப்ஃபிளாப் வழியாக அனுப்பித்தான் நம்ப முடியும், அதற்குச் சராசரியாக 25. பதில் சொல்ல இன்னொரு கிளாக், 10. மொத்தம் ஒரு வழிக்கு 50 நானோ நொடி. இரண்டு கட்டத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு போக்குவரத்து, 100 நானோ நொடி, நொடிக்கு ஒரு கோடி சொல். நான்கு கட்டத்தில் இரண்டு போக்குவரத்து, 200 நானோ நொடி, நொடிக்கு 50 லட்சம் சொல்தான். அதாவது 16 படம். விவாதத்துக்கே இடமில்லை, இரண்டு கட்டம் என்று முடிவாயிற்று.

மின்சக்தியும் பாதியாகும் என்று மீட்டிங்கில் ஒருவர் சேர்த்துக்கொண்டார். அதைத்தான் நான் நம்பவில்லை. ஒரு வயரை ஒரு முறை மாற்ற ஆகும் செலவு ½CV². கேபிள் வயர் ஒன்றுக்கு 100 பிகோஃபாரட், 3.3 வோல்ட் என்றால் சுமார் அரை நானோஜூல். ஆனால் req, ack இரண்டோடு பதினாறு தரவு வயர்களும் கூடவே ஓடுகின்றன. தரவு தாறுமாறாக மாறுவதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் சராசரியாக 8 வயர்கள் மாறும். நான்கு கட்டத்தில் 8 + 4, மொத்தம் 12. இரண்டு கட்டத்தில் 8 + 2, மொத்தம் 10. மிச்சம் ஆறில் ஒரு பங்குதான். பஸ் அகலமாக அகலமாக இந்த மிச்சம் இன்னும் கரைந்துபோகும்.

தரவே ஹேண்ட்ஷேக்கைச் சுமக்கும் குறியீடுகளில்தான் கதை தலைகீழாகிறது. அங்கே தனி req கிடையாது. தரவு வயர்கள் மாறுவதே "தயார்" என்று சொல்வதற்குச் சமம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்பின்னேக்கர் சிப் இதற்கு நல்ல உதாரணம். சிப்புக்குள் 4 பிட் அனுப்ப ஆறு வயர்களில் மூன்றை உயர்த்தி, பிறகு பூஜ்ஜியத்துக்கு இறக்குகிறார்கள். தரவில் 6, ஒப்புதலில் 2, ஆக 8 நிலைமாற்றங்கள். சிப்பிலிருந்து சிப்புக்குப் போகும் வெளி வயர்களில் அதே 4 பிட்டுக்கு ஏழு வயர்களில் இரண்டை மட்டும் மாற்றி, இறக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தரவில் 2, ஒப்புதலில் 1, மொத்தம் 3. எட்டுக்கு மூன்று என்பது பேசத்தகுந்த மிச்சம். வெளி வயரின் கெபாசிட்டன்ஸ் உள் வயரை விடப் பல மடங்கு என்பதால், மிச்சம் எங்கே தேவையோ அங்கே கிடைக்கிறது.

அப்படியானால் சிப்புக்குள்ளும் ஏன் இரண்டு கட்டம் வைக்கவில்லை? இதற்கு அதே மான்செஸ்டரின் பழைய அனுபவம் விடை சொல்கிறது. ஐவன் சதர்லேண்ட் 1989-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் மைக்ரோபைப்லைன்களை, அதாவது கிளாக்குக்குப் பதில் இரண்டு கட்ட ஹேண்ட்ஷேக்கால் தரவைப் படிப்படியாக நகர்த்தும் சர்க்யூட்டுகளை, விவரித்தார். மான்செஸ்டரில் ஸ்டீவ் ஃபர்பரின் குழு அதைப் பின்பற்றி, கிளாக் இல்லாத முதல் அமுலெட் பிராசசரை இரண்டு கட்டத்தில் கட்டியது. அடுத்து வந்த அமுலெட்2-இல் நான்கு கட்டத்துக்கு மாறிவிட்டது. சாதாரண லாட்ச்சுக்கு மேலே என்றால் திற, கீழே என்றால் மூடு. "எந்தப் பக்கம் மாறினாலும் திற" என்பது அதற்குப் புரியாது. புரியவைக்க பைப்லைனின் ஒவ்வொரு படியிலும் எக்ஸார், டாகிள் போன்ற கூடுதல் சர்க்யூட்டுகள் வேண்டும், அவற்றுக்கும் நேரமும் மின்சக்தியும் உண்டு. வயர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது அந்தக் கூடுதல் கேட்டுகளை விட மலிவு. தவிர, வாங்கியவர் தன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பும் பயணத்தை முடித்துவிடலாம். நிலைமாற்றங்களை எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றும் எந்த வயரில் நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது.

எஃப்பிஜிஏவில் இரண்டு கட்டம் எழுதுவது எளிதுதான். அனுப்பும் பக்கத்தின் உயிர்நாடி இவ்வளவே:

```verilog
assign busy = req ^ ack_s;
always @(posedge clk)
  if (send & ~busy) begin
    data <= din;
    req  <= ~req;
  end
```

`ack_s` என்பது இரண்டு ஃபிளிப்ஃபிளாப் தாண்டி வந்த ack. மாடிப்படி விளக்குக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வைக்கும் ஸ்விட்ச் மாதிரி இது. ஒரு ஸ்விட்ச்சை மட்டும் பார்த்து விளக்கு எரிகிறதா என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். req-உம் ack-உம் வேறுபட்டால் ஒரு சொல் வழியில் இருக்கிறது. ஒத்திருந்தால் பாதை காலி.

இந்த வசதியின் விலை என்னவென்று சில மாதங்கள் கழித்துத் தெரிந்தது. இடது போர்டை மட்டும் ரிசெட் செய்தால், சில நேரம் படம் முழுவதும் ஒரு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்து வந்தது. சில நேரம் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டார்கள். கிரவுண்ட் வயர்களைக் கூட்டினார்கள், நீளத்தைக் குறைத்தார்கள், பலனில்லை. லேபில் பல வாரம் ஓடிய டெஸ்ட்டில் இது ஒருமுறைகூட வந்ததில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். லேபுக்கும் வெளியே போன வடிவத்துக்கும் ஒரே வித்தியாசம், ஒவ்வொரு படத்தின் தலையிலும் ஒரு ஹெடர் சொல் சேர்ந்திருந்தது. "ஒரு சொல் கூடினா என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்டார் டீமில் இருந்த இளைஞர்.

அந்த ஒரு சொல்தான் விஷயம். 3,07,200 என்பது இரட்டைப்படை எண். எத்தனை படம் அனுப்பினாலும் கடைசியில் req பூஜ்ஜியத்தில்தான் நிற்கும். ஹெடர் சேர்ந்ததும் 3,07,201, ஒற்றைப்படை. முதல் படம் முடிந்தால் req ஒன்றில், இரண்டாவது முடிந்தால் பூஜ்ஜியத்தில். ஒன்றில் நிற்கும்போது ரிசெட் அழுத்தினால் req பூஜ்ஜியத்துக்கு விழும். வாங்கும் பக்கத்துக்கு அது ரிசெட் என்று தெரியாது. அதைப் பொறுத்தவரை req மாறியது, ஆகவே ஒரு சொல் வந்தது. தரவு வயர்களில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு ack-ஐயும் மாற்றிவிடும். லாஜிக் அனலைசரில் இது தெளிவாகத் தெரிந்தது: ரிசெட்டோடு req விழுகிறது, கொஞ்ச நேரத்தில் ack-உம் விழுகிறது, அனுப்பும் பக்கத்தில் யாரும் எதையும் அனுப்பவில்லை. பாதி ரிசெட்டுகள் நன்றாக இருந்து பாதி கெட்டுப்போனால், நான் இப்போதெல்லாம் கேபிளைத் தொடுவதற்கு முன் சொற்களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பேன். நான்கு கட்டமாக இருந்திருந்தால், படங்களுக்கு நடுவே எப்போது ரிசெட் அழுத்தினாலும் இரண்டு வயர்களும் பூஜ்ஜியத்தில்தான் இருக்கும், ஒன்றும் நடக்காது.

இதைவிட மோசமான இன்னொன்றும் இதே குடும்பம்தான். req மாறி, ack இன்னும் வராத நேரத்தில் வாங்கும் போர்டு ரிசெட் ஆனால்? எழுந்ததும் அது இப்போதிருக்கும் req நிலையையே தொடக்கமாக எடுத்துக்கொண்டு, ack-ஐத் தொடாமல் அடுத்த மாற்றத்துக்குக் காத்திருக்கும்படி எழுதியிருந்தால், அனுப்புபவர் ack-க்காகக் காத்திருப்பார், வாங்குபவர் req-க்காகக் காத்திருப்பார், இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள். ஸ்கோப்பில் req-உம் ack-உம் வேறுபட்டு அசையாமல் கிடந்தால் இதுதான்.

தீர்வாக, ரிசெட்டில் வாங்கும் பக்கம் req-இன் நிலையை ack-இலும் நகலெடுக்கும்படி மாற்றினோம். வழியில் இருந்த ஒரு சொல் தொலையும், ஆனால் பாதை அடைக்காது. அனுப்பும் பக்கமும் ack-ஐப் பார்த்து req-ஐ நகலெடுக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. அதைத் தடுத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் ரிசெட்டில் இருந்து, இரண்டும் வேறு நிலையில் தொடங்கினால், ஒன்று மற்றொன்றை நகலெடுத்து மாறி மாறித் துரத்திக்கொண்டே இருக்கும். ஆகவே அனுப்பும் பக்கம் வழக்கம்போல் பூஜ்ஜியத்தில் தொடங்கும். அதனால் வரும் பேய்ச் சொல்லை வாங்கும் பக்கம் கண்டுகொள்வதில்லை. ஹெடரைப் பார்க்கும்வரை வருவதையெல்லாம் அது தூக்கிப்போடும், ஹெடருக்குப் பின்தான் பிக்சல்களை எண்ணத் தொடங்கும். அந்தத் தொல்லை தந்த ஹெடர் சொல்லே இதற்கும் உதவியது.

சென்சாரின் எக்ஸ்போஷர், கெயின் போன்ற அமைப்புகளை அனுப்ப எதிர்த்திசையில் ஒரு சின்னப் பாதையும் அதே கேபிளில் இருக்கிறது. எப்போதாவது ஒரு சொல் போனால் அதிகம். அதை நான்கு கட்டத்திலேயே விட்டுவைத்தோம்.