சுயமதிப்பீட்டில் ஒரு வரியை எப்படி எழுதுவது?

நிதியாண்டு முடிந்து, சுயமதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் நேரம் வந்துவிட்டது. பல நிறுவனங்களில் மதிப்பீட்டை மேலாளர் தனியே முடிவு செய்வதில்லை. நம்மை அறியாத பிற மேலாளர்கள் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் அவர் நமக்காக வாதாட வேண்டியிருப்பதால், நாம் எழுதித் தரும் வரி அங்கே நம் விளக்கமின்றியே நிற்க வேண்டும்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர், 'சப்ளையர் பில்களை விரைவாகத் தீர்த்தேன்' என்று எழுதியிருந்தார். அதை இருவருமாக இப்படி மாற்றினோம்: 'ஏப்ரலில் ஒரு பில்லைத் தீர்க்கச் சராசரியாக 14 நாள் ஆனது, கொள்முதல் ஆணை எண் இல்லாத பில்களை வந்த அன்றே திருப்பி அனுப்பும் முறையை நான் கொண்டுவந்த பின், மார்ச்சில் அது 8 நாளாகக் குறைந்தது.' சான்றாக அவ்விரு மாதங்களின் மென்பொருள் அறிக்கைகளை இணைத்தோம். பில்களே குறைவாக வந்திருந்தால் இந்த வேகம் பெரிய சாதனையாகாது என்பதால், மாதவாரி எண்ணிக்கையையும் சேர்த்தோம். (மேலாளர் முதலில் தேடியதும் அதைத்தான்.)

அடுத்த ஆண்டு இலக்கை வெறுமனே '6 நாள்' என்று எழுதாமல், 'ஒப்புதல் தரும் துறைகள் 2 நாளுக்குள் பதிலளித்தால்' என்ற நிபந்தனையோடு எழுதச் சொன்னேன்; பிறருடைய தாமதம் அடுத்த மார்ச்சில் அவர் கணக்கில் ஏறக்கூடாது அல்லவா?